ஒத்த அறை, ரெண்டு சம்பளம்

ஆகஸ்ட் 24

இவருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் ஏழே முக்காலுக்கு சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து வந்து படுத்தால், நான் கடைக்குக் கிளம்பும்வரை மிக்சி போட முடியாது. குக்கர் விசில்கூட வேண்டாம் என்கிறார். ஒரே அறையில் ஒருத்தர் தூங்க, இன்னொருத்தர் சமைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26

ரெட்டியார்பாளையத்தில் வீடு பார்த்தோம். தனி சமையலறை, அதில் ஒரு ஜன்னல். வாடகை 7,000, அட்வான்ஸ் 40,000. இவர் ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். எனக்கும் பிடித்துவிட்டது.

இடைஞ்சல் வாடகையில் இல்லை. செப்டம்பர் 12-க்குள் 40,000-ஐ முழுசாகக் கொடுக்க வேண்டும். இங்கே முத்தியால்பேட்டையில் போட்டிருக்கும் 20,000, நாம் காலி செய்து சாவி கொடுத்த பிறகுதான் வரும். கையில் இருப்பது 12,000. ஆக 28,000 குறைகிறது. அதுவும் பெரும்பகுதி நமக்கே வரவேண்டிய பணம். நடுவில் இருக்கும் ஒன்றரை மாதத்துக்குத்தான் வழி வேண்டும்.

ஆகஸ்ட் 29

கரண்ட் கணக்கு வந்தது. சப்-மீட்டரில் 61 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய், மொத்தம் 488. "உன் அயர்ன் பாக்ஸ்தான்" என்கிறார் இவர்.

அயர்ன் பாக்ஸ் 1,000 வாட். தினம் கால் மணி நேரம் போட்டாலும் மாதம் ஏழெட்டு யூனிட்டைத் தாண்டாது. ஃபேன் 75 வாட், இவர் பகலில் தூங்குவதையும் சேர்த்துப் பதினாலு மணி நேரம் ஓடினால் மாதம் 31, 32 யூனிட். லைட், மிக்சியைக் கூட்டினாலும் 42-க்கு மேல் வராது. மீதி எங்கே போகிறது?

ஆகஸ்ட் 30

கண்டுபிடித்தேன். காலையில் ஆறு மணிக்கு அறையில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, மெயினையும் இறக்கிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நம் மெயின் இறங்கியிருக்கும்போது அது சிமிட்டவே கூடாது. எரிந்தால், மீட்டருக்கும் நம் மெயினுக்கும் நடுவில் வேறு யாரோ லைன் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மீட்டர் முகப்பில் 3200 imp/kWh என்று அச்சடித்திருக்கிறது. 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். செல்போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினேன், 50. மணிக்கு 3,000 சிமிட்டல், அதாவது ஏறக்குறைய 940 வாட். எந்த வீட்டு ஃபேனும் லைட்டும் அவ்வளவு இழுக்காது. மேலே டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மோட்டார் நின்ற அதே நொடியில் சிமிட்டலும் நின்றது. ஒரு ஹெச்.பி. மோட்டார், தினம் முக்கால் மணி நேரம். மாதம் 21 யூனிட் நம் கணக்கில் ஏறியிருக்கிறது. 168 ரூபாய்.

இவரை எழுப்பிக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் அயர்ன் பாக்ஸை எடுத்துத் தன் சட்டையைத் தேய்த்தார்.

செப்டம்பர் 1

எனக்குச் சம்பளம். இவருக்கு 7-ஆம் தேதி. வாடகை 5-ஆம் தேதி. அதனால் வாடகை எப்போதும் என் சம்பளத்தில் போகிறது, மளிகையும் போகிறது. 7-ஆம் தேதி இவர் கையில் பணம் வரும்போது பெரிய செலவெல்லாம் முடிந்திருக்கும். பார்க்கிறவருக்கு இவர் பணம் மிச்சமாவது போலவும் நான் எல்லாவற்றையும் கரைப்பது போலவும் தெரியும். எங்கள் சண்டையில் பாதி இந்த இரண்டு தேதிக்கு நடுவில்தான் வருகிறது. வாடகையை 8-க்கு மாற்றித் தரச்சொல்லி வீட்டுக்கார அக்காவிடம் கேட்க வேண்டும். மோட்டார் விஷயத்தையும் அதே மூச்சில் கேட்டால் கோபம் வரும். முதலில் மோட்டார்.

செப்டம்பர் 2

அக்கா எலக்ட்ரீஷியனை வரச்சொல்கிறார். லைனை மாற்றும்வரை மாதம் 20 யூனிட் கழித்துக்கொள்ளச் சம்மதம். வாடகைத் தேதியைக் கேட்கவில்லை. எப்படியும் காலி பண்ணப் போகிறோம். ஒரு மாத முன்னறிவிப்பை எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 3

"சீட்டு எடுத்துடலாம்" என்றார் இவர். "அது நம்ம காசுதானே."

நான் வேண்டாம் என்றேன். வளையலை பேங்கில் வைக்கலாம் என்றேன்.

அவ்வளவுதான். "கல்யாணமாகி வருஷம் ஆகல, பொண்டாட்டி நகையை அடகு வெச்சான்னு கடலூர் பூரா பேசணுமா? உங்கப்பா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அது தெரிந்ததும் இரண்டு பேரும் நிறுத்தினோம். இவர் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போக இந்த வீட்டில் வேறு இடமும் இல்லை.

செப்டம்பர் 4

பேச்சு இல்லை. டீ மட்டும் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

செப்டம்பர் 5

கடையில் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் பில் தாளின் பின்பக்கம் முழுசாக எழுதிப் பார்த்தேன். இதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது.

நம் சீட்டு 50,000. இருபது பேர், இருபது மாதம், மாதம் 2,500. முதல் சீட்டு நடத்துகிறவங்களுக்கு. அந்த மாதம் எல்லாரும் முழுசாக 2,500 கட்டினோம். அடுத்த மாதத்திலிருந்து ஏலம். யார் அதிகமாகத் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. ஜூலையில் 15,000 தள்ளி ஒருத்தர் 35,000 எடுத்தார். அந்தத் தள்ளு 15,000-இல் நடத்துகிறவங்க கமிஷன் 2,500, அதாவது சீட்டுத் தொகை 50,000-க்கு நூத்துக்கு அஞ்சு. மீதி 12,500-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 625 கழிவு. அதனால் அந்த மாதம் 1,875 கட்டினோம். ஆகஸ்டில் தள்ளு 14,500, கட்டியது 1,900.

இந்த மாதம் 10-ஆம் தேதி ஏலம். நாம் எடுக்க வேண்டுமானால் 14,000-க்காவது தள்ள வேண்டும். தீபாவளி நெருங்குகிறது, எல்லாருக்கும் பணம் வேண்டும், குறைந்த தள்ளில் கிடைக்காது. கைக்கு வருவது 36,000. அந்த மாதத்துக்குக் கட்ட வேண்டியது 1,925. இதுவரை கட்டியதையும் சேர்த்தால் 8,200.

இவர் சொல்லும் "நம்ம காசு" இந்த 8,200 மட்டும்தான். 36,000-இல் மீதி 27,800 மற்றவங்க காசு. அதாவது கடன்.

அந்தக் கடனை இன்னும் 16 மாதம் கட்ட வேண்டும். போகப்போக ஏலத்தில் தள்ளு குறையும், தள்ளு குறைந்தால் கழிவும் குறையும், கட்டும் தொகை 2,500-ஐ நெருங்கும். சராசரியாக 2,200 என்று வைத்தாலே 35,200. அந்த 27,800 கடனைவிட 7,400 அதிகம்.

27,800-க்குப் பதினாறு மாதத்தில் 7,400 என்றால் அதிகம் இல்லாத மாதிரித் தெரியும். ஆனால் 27,800-ம் பதினாறு மாதமும் நம் கையில் இருக்காது. மாதாமாதம் திருப்பிக் கட்டுகிறோம், கடன் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம்மிடம் நிற்பது 15,000-க்குள்தான். அதற்கு மாதம் 460 ரூபாய் வட்டி. நூத்துக்கு மூணு ரூபாய்! சேட்டுக் கடையில் நகைக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றாலே நாம் யோசிப்போம்.

பேங்க் நகைக்கடனுக்குச் சொன்னது வருஷம் 9.5 சதவீதம். நூத்துக்கு மாதம் 80 பைசாகூட இல்லை. 30,000-க்கு மாதம் 240 ரூபாய். அதுவும் பழைய அட்வான்ஸ் வந்ததும் அடைத்துவிட்டால் வட்டி அன்றோடு நிற்கும். சீட்டில் தள்ளியது தள்ளியதுதான், இரண்டு மாதத்தில் பணம் கையில் வந்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

நமக்குப் பணம் வேண்டியது ஒன்றரை மாதத்துக்கு. அதற்கு எதற்குப் பதினாறு மாதக் கடன்?

ராத்திரி தாளைத் தலையணைமேல் வைத்துவிட்டேன். எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 6

இவர் தாளில் 7,400-ஐ இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.

செப்டம்பர் 7

இவருக்குச் சம்பளம். மீன் வாங்கி வந்தார், வஞ்சிரம் இல்லை, சங்கரா. சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். "கணக்கு சரி. ஆனா உன் வளையல்."

அவர் மனசில் இருப்பது கணக்கு இல்லை என்பது எனக்கு முதலிலேயே தெரியும். ஊரில் அவர் அம்மாவின் தோடு அடகுக்குப் போய் ஏலத்தில் போய்விட்டது. கடைக்காரர் அனுப்பிய நோட்டீஸை யாரும் படிக்கவில்லை. அத்தை இன்றுவரை கவரிங் தோடுதான் போடுகிறார். அதனால் ஒன்று பேசிக்கொண்டோம். கடன் தவணைத் தேதியை நான் என் காலண்டரிலும் அவர் செல்போனிலும் குறித்து வைக்க வேண்டும். பழைய அட்வான்ஸ் பணம் வந்தால் வேறு எதற்கும் தொடாமல் நேராக பேங்குக்கு. பேங்க் தரும் நகைச் சீட்டு அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். "வேணாம், நகை உன்னுது, நகைச் சீட்டும் உன் பேர்ல இருக்கட்டும்" என்றார்.

எங்கப்பாவிடம் நானே போனில் சொன்னேன். "பேங்க்லதானே? சரி" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 9

பேங்கில் இரண்டு மணி நேரம். ஆதார், இரண்டு போட்டோ. மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்தார். ஒரு ஜோடி உள்ளே அரக்கு வைத்தது. அதற்கு எடையில் கழித்துவிடுவார்களாம், அதனால் கெட்டி வளையல் ஜோடியை மட்டும் வைத்தேன். நகைச் சீட்டில் மொத்த எடை, நிகர எடை இரண்டும் எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்த்தோம். நிகர எடைக்குத்தான் கடன். 30,000 கணக்கில் ஏறிவிட்டது.

வெளியே வந்ததும் இவர் என் கையைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார்.

செப்டம்பர் 10

சீட்டு ஏலம். 14,200 தள்ளி வேறொருத்தர் எடுத்தார். நமக்குக் கழிவு 585, கட்டியது 1,915.

செப்டம்பர் 11

புது வீட்டுக்கு 40,000 கொடுத்தாச்சு. பணத்தை ஜிபேயில் போட்டு, ஒப்பந்தத்திலும் தொகையை எழுத்தால் எழுத வைத்தேன்.

செப்டம்பர் 28

மழை. அறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது. பெட்டியெல்லாம் கட்டிலின் மேல். இரண்டு பேரும் பாயில். எதற்கென்று தெரியாமல் ஒரு சண்டை, அம்மா வீட்டுப் பாத்திரத்தை முதலில் கட்டுவதா அவர் புத்தகத்தைக் கட்டுவதா என்று.

அக்டோபர் 3

சாவி கொடுத்தோம். பெயிண்டுக்கு 5,000 பிடிப்போம் என்றார் அக்கா. காலி பண்ணும் முன்பே நான்கு சுவரையும் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். ஈரம் மொட்டை மாடியிலிருந்து இறங்குவது அதில் தெளிவாகத் தெரிந்தது. "இது நாங்க பண்ணது இல்லக்கா" என்று இவர்தான் பேசினார், குரல் உயர்த்தவே இல்லை. ஆணி அடித்த இடத்துக்கும் அடுப்புப் பக்கச் சுவருக்கும் 1,500 என்று முடிந்தது. மோட்டாருக்காகக் கழிக்க வேண்டிய 160-ஐயும் சேர்த்துக்கொண்டார். 18,660 பதினைந்தாம் தேதி தருவதாகச் சொன்னார்.

அக்டோபர் 10

சீட்டு. தள்ளு 13,700, கட்டியது 1,940. அடுத்த ஏலம் தீபாவளி முடிந்த பிறகு, தள்ளு நிச்சயம் இறங்கும். இவர் இப்போது தானே தாளில் குறிக்கிறார்.

அக்டோபர் 15

அக்கா போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 16

10,000 வந்தது. மீதி 8,660 திங்கட்கிழமை என்கிறார். வந்த 10,000-ஐ இன்றே நகைக்கடனில் கட்டினோம். அசலில் கொஞ்சம் கட்டினால் மீதி அசலுக்கு மட்டும்தான் வட்டி ஓடும். இவர் போனஸ் இருபதாம் தேதிக்குள் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். அதில் டிவி வாங்கலாமா என்று கேட்டார். முதலில் வளையல் என்றேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.