p-n சந்திப் படத்தில் நான் தலைகீழாகப் படித்த குறி

மாதிரித் தேர்வு ஒன்றில் p-n சந்திப் படம் கொடுத்து, இது எந்தச் சார்பு என்று கேட்டிருந்தார்கள். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் வரிசையாகக் கழித்தல் குறிகள், வலப்பக்கம் கூட்டல் குறிகள். கழித்தல் இருந்தால் எலக்ட்ரான், எலக்ட்ரான் இருந்தால் n என்று எழுதிவிட்டேன். இடப்பக்கம்தான் p. அங்கே தவறியதும் அடுத்த மூன்று விடைகளும் சேர்ந்தே போயின.

நான் கவனிக்காமல் விட்டது வட்டத்தை. வட்டத்துக்குள் குறி இருந்தால் அது அயனி, இடம்விட்டு நகராது. p பக்கத்து ஏற்பான் அணு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு எதிர் அயனியாக நிற்கிறது. n பக்கத்துக் கொடையாளி அணு ஒன்றை இழந்து நேர் அயனியாக நிற்கிறது. சந்தியை ஒட்டி இந்த அயனிகள் நிற்கும் பகுதியில் நகரக்கூடிய துளைகளும் எலக்ட்ரான்களும் இல்லாததால்தான் அதற்கு இயக்கமில்லாப் பகுதி என்று பெயர். அதனால் p எது என்று அந்தப் பகுதிக்கு வெளியே, துளைகள் எங்கே நிறைந்திருக்கின்றன என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

அப்புறம் மின்கலம். நீளமான கோடு நேர்முனை. அது p-யோடு சேர்ந்தால் முன்னோக்குச் சார்பு: துளைகளும் எலக்ட்ரான்களும் சந்தியை நோக்கித் தள்ளப்பட்டு ஓர அயனிகளை நடுநிலையாக்கும், பகுதி குறுகும். மாற்றி இணைத்தால் அவை விலகிப் போகும், மூடிக்கிடந்த அயனிகள் வெளிப்படும், பகுதி அகலும். மின்கலத்துக்குப் பதில் p முனையில் −2 V, n முனையில் −5 V என்று கொடுத்தால் மிரள வேண்டாம். p-யின் மின்னழுத்தம் 3 V அதிகம், எனவே முன்னோக்குச் சார்புதான்.

எவ்வளவு அகலும்? மாசுச் செறிவு சந்தியில் சட்டென மாறும் டையோடில் அகலம் √(V₀ − V)-க்கு நேர்விகிதம். V₀ மின்னழுத்த அரண். V முன்னோக்கில் நேர்க்குறி, பின்னோக்கில் எதிர்க்குறி. சிலிக்கானுக்கு V₀ = 0.7 V என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கில் 2.1 V கொடுத்தால் உள்ளே 2.8 V வரும், அதாவது நான்கு மடங்கு. வர்க்கமூலம் எடுத்தால் அகலம் இரண்டு மடங்கு. நான்கு மடங்கு அகலமாக வரைவதுதான் வழக்கமான பிழை. முன்னோக்கில் 0.525 V என்றால் மீதி 0.175 V, அகலம் பாதி. 1.5 V மின்கலத்தை அப்படியே V என்று போட்டால் மூலக்குறிக்குள் எதிர் எண் வந்து நிற்கும். அந்த 1.5 V முழுவதும் சந்தியின் குறுக்கே விழுவதில்லை, மீதியைத் தொடர்மின்தடை வாங்கிக்கொள்ளும்.

சில படங்களில் பகுதி ஒரு பக்கம் மட்டும் நீண்டிருக்கும். அது அச்சுப்பிழை இல்லை. மாசு குறைவாகக் கலந்த பக்கத்தில் அயனிகள் தள்ளித் தள்ளி இருப்பதால் பகுதி அங்கே ஆழமாகப் போகும். ஆனால் இரு பக்கத்து மொத்த மின்னூட்டமும் சமம். நான் வரையும்போது இப்போதெல்லாம் வட்டங்களை எண்ணிவிடுகிறேன்: p பக்கம் ஆறு என்றால், நெருக்கமாகவோ இடைவெளி விட்டோ, n பக்கமும் ஆறு.