ஜிப்சம் சீலிங்: 192-ஐ 24-ஆல் வகுத்தால் போதாது

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு ஹால் 16 அடிக்கு 12 அடி. ராமநாதபுரத்தில் கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார்: 192 சதுர அடி, ஒரு போர்டு 6க்கு 4, அதாவது 24 சதுர அடி, ஆக 8 போர்டு. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் வேலைக்கு 9 போர்டு பிடித்தது. அந்த ஒரு போர்டுக்காக மறுபடி லோடு ஆட்டோ வாடகை அழுதேன். வயிறு இன்னும் எரிகிறது.

விஷயம் இதுதான். போர்டைத் திருகி மாட்டும் இரும்புச் சட்டமான சீலிங் செக்‌ஷன் ஒன்றரை அடிக்கு ஒன்று, 12 அடிப் பக்கமாக ஓடுகிறது. போர்டின் நீளம் அதற்குக் குறுக்கே வரும், அதன் முனை செக்‌ஷன் மேல்தான் உட்கார வேண்டும். அடுத்த வரிசையின் இணைப்பு, செங்கல் கட்டுவதுபோல, தள்ளி விழ வேண்டும். நேராக விழுந்தால் அங்கேதான் விரிசல் விடும். முதல் வரிசை 6, 6, 4 அடி. நடு வரிசையை 4 அடியில் ஆரம்பித்தால் முனை அந்தரத்தில் நிற்கும். அதனால் நாலரை, 6, ஐந்தரை. மூன்றாவது மறுபடி 6, 6, 4. மிஞ்சிய துண்டுகள் இரண்டடியில் இரண்டு, ஒன்றரையில் ஒன்று, அரையில் ஒன்று. அவற்றை எப்படிச் சேர்த்தாலும் முனை செக்‌ஷன் மேல் விழாது, ஒரு போர்டு மிச்சமாகாது.

அதைவிடக் கடுப்பு, பில்லில் செக்‌ஷன் 7 என்று இருந்தது. சுவரிலிருந்து ஒன்றரை அடி விட்டு ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், 10 வரும். 12 அடி நீளத்தில்தான் கிடைக்கிறது, எனவே வெட்டு, ஒட்டு எதுவுமில்லை. 7 என்றால் இரண்டடி இடைவெளி என்று அர்த்தம். கேட்டதற்கு, "ரெண்டடிக்கு ஒண்ணு போட்டா போதும்ணே, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார் ஃபிட்டர். கடலோர ஈரத்தில் போர்டு அந்த இடைவெளியில் தொங்கிப்போகும். லைட்டைப் பக்கவாட்டில் அடித்தால் அலை அலையாகத் தெரியும். விடவில்லை, 10 வாங்க வைத்தேன்.

செக்‌ஷன்களை மேலிருந்து தாங்கும் மெயின் சேனல், செக்‌ஷனுக்குக் குறுக்கே 16 அடிக்கு மூன்று வரிசை: சுவரிலிருந்து 2, 6, 10 அடியில். மொத்தம் 48 அடி, சேனலும் 12 அடி நீளம்தான், ஆக நாலு சேனல் என்று போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஒட்டு வருகிறது, அங்கே ஒன்றின்மேல் ஒன்று அரையடி ஏற வேண்டும், எனவே 5. சேனலைக் கான்கிரீட்டிலிருந்து தொங்கவிடும் ஹேங்கர் நாலடிக்கு ஒன்று, வரிசைக்கு 4, ஆக 12. ஒட்டுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒவ்வொன்று கொடுத்தேன். சுவரோரச் சேனல் 56 அடிக்கு 5, அதில் தகராறு இல்லை.

ஃபேன் கொக்கி கான்கிரீட்டில்தான், இந்தச் சட்டத்தில் இல்லை. நம் பக்கம் உப்புக்காற்று, வெட்டிய முனையில்தான் முதலில் துரு ஏறும். போர்டு மூடுவதற்கு முன்னாடியே அந்த முனைகளுக்கு ஜிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஏணி போட்டாலும் கை எட்டாது.