என் பெயருக்கு ஐந்து எழுத்துக்கூட்டல்

சென்ற ஆண்டு வேலையை விட்ட பிறகு வருங்கால வைப்பு நிதிப் பணத்தை எடுக்க முயன்றேன். பி.எஃப். கணக்கோடு ஆதாரை இணைக்கும் இடத்திலேயே அது நின்றுவிட்டது. ஆதாரில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று வந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் சேமிப்பு. என் பெயர் தமிழ்ச்செல்வி என்பதில் வீட்டிலோ ஊரிலோ யாருக்கும் ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை.

அன்று இரவு எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பினேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் S. TAMILSELVI. கல்லூரிப் பட்டத்தில் S. THAMIZHSELVI. பான் அட்டையில் TAMILSELVI SUBRAMANIAN. பி.எஃப். கணக்கில் TAMIL SELVI S, நடுவில் ஓர் இடைவெளியோடு. ஆதாரில் Tamil Selvi M. திருமணத்துக்குப் பிறகு குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தபோது, கணவர் பெயரின் முதலெழுத்தைப் போடுவதுதானே வழக்கம் என்று ஆதாரிலும் M ஆக மாற்றியிருந்தேன். அந்த மாற்றம்தான் இப்போது என்னை அதிகம் பயமுறுத்தியது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். ஒன்றைச் செலவழித்துவிட்டேன். மீதி ஒன்று.

தெரிந்தவர்கள் பலரும் சொன்னது, "அரசிதழில் போட்டுவிடு, எல்லாம் சரியாகிவிடும்." நானும் அதற்குத்தான் கிளம்பினேன். சான்றொப்பத்துக்காகப் போன இடத்தில் நோட்டரி ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: "அம்மா, நீங்கள் பெயரை மாற்றுகிறீர்களா, பிழையைத் திருத்துகிறீர்களா?" பழைய அரசிதழ் அறிவிப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். இன்ன பெயருடைய நான் இனிமேல் இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்பதே அதன் சாரம். 'இனிமேல்' என்ற சொல்லில் விரலை வைத்தார். மதம் மாறியவர், பெயரே பிடிக்காமல் வேறு பெயர் வைத்துக்கொண்டவர், எண்கணிதம் பார்த்து மாற்றியவர் ஆகியோருக்கு அது கட்டாயம் தேவை. எனக்கோ பத்தாம் வகுப்பிலிருந்தே ஒரே பெயர்தான், எழுதியவர்கள்தான் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். அரசிதழில் போட்டாலும் ஒவ்வோர் அலுவலகத்திலும் தனித்தனியாகத் திருத்தம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அதோடு, இனிமேல் கேட்கிற இடங்களிலெல்லாம் இல்லாத ஒரு பெயர் மாற்றத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த யோசனையை அங்கேயே விட்டேன். இன்றுவரை அதை நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

பிறகு செய்ததெல்லாம் ஒரே கேள்வியிலிருந்து வந்தது: இந்த ஐந்தில் எதை மாற்றுவது மிகக் கடினம்? பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். ஆகவே அது அப்படியே நிற்கட்டும், மற்றவை அதை நோக்கி வரட்டும் என்று முடிவுசெய்தேன். என் பெயர் TAMILSELVI, இடைவெளி இல்லை, 'zh' இல்லை. 'ழ'கரத்துக்கு 'zh' போடவேண்டும் என்பது எனக்கும் பிடித்தமான எழுத்துமுறைதான், ஆனால் சான்றிதழில் இல்லாததை இப்போது கொண்டுவர முடியாது.

அடுத்து S. உண்மையான சிக்கல் இங்கேதான் ஒளிந்திருந்தது. தலைப்பெழுத்தாக இருக்கும்வரை S யாருக்கும் தொந்தரவு தராது. பான் அட்டை தலைப்பெழுத்தை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறது. பாஸ்போர்ட்டும் அப்படித்தான். விரித்த உடனே அப்பாவின் எழுத்துப்பிழைகள் என் பிழைகளாகிவிடுகின்றன. அப்பாவின் வாக்காளர் அட்டையில் Subramani, ஓய்வூதியப் புத்தகத்தில் Subramaniam, என் பிறப்புச் சான்றிதழில் Subramanian. கடைசி எழுத்து m ஆ, n ஆ என்பதைப் பற்றி அப்பா தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கவலைப்பட்டிருக்க மாட்டார். என் பிறப்புச் சான்றிதழும் பான் அட்டையும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தது என் நல்ல காலம். TAMILSELVI SUBRAMANIAN என்பதை இறுதிப் பெயராக ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன். அதன்பின் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாயால் சொல்லவில்லை, தாளைத்தான் நீட்டினேன்.

ஆதார் மையத்துக்குப் பான் அட்டையைச் சான்றாகக் கொண்டுபோனேன். கணினித் திரை என் பக்கமும் தெரியும்படி இருந்தது. ஆங்கிலத்தில் பெயரை அடித்து முடித்ததும் தமிழ் வரியில் தானாக ஒரு பெயர் வந்து விழுந்தது: 'டமில்செல்வி'. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் கருவி தானே செய்யும் பெயர்ப்பு அது. பதிவு செய்துகொண்டிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் அதை அழித்துவிட்டுத் தமிழிலேயே 'தமிழ்ச்செல்வி சுப்பிரமணியன்' என்று அடித்தார், 'ச்' உட்பட. ஒப்புகைச் சீட்டு அச்சாகி வந்ததும் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர் முணுமுணுத்தார். எனக்கு இருந்தது கடைசி வாய்ப்பு, அவசரப்பட முடியாது. கணவர் பெயரை விட்டதில் யாருக்கும் வருத்தமில்லை, அவருக்கும்தான்.

புதிய ஆதார் வரும்வரை வேறு எதையும் தொடவில்லை. இந்த வரிசை முக்கியம். வங்கியும் பி.எஃப். கணக்கும் தங்கள் பெயரை ஆதாரோடுதான் ஒப்பிடுகின்றன. ஆதார் மாறுவதற்கு முன் அவற்றை மாற்றினால், அதே வேலையை இரண்டாம் முறை செய்யவேண்டி வரும். ஆதார் கைக்கு வந்ததும் முதலில் வங்கி. கணக்குப் பெயர் அங்கே Tamil Selvi M என்றே இருந்தது, அதைத் திருத்தினார்கள். கையெழுத்தைத் தமிழில்தான் போடுவேன் என்பதால் கையெழுத்தை மாற்றத் தேவைப்படவில்லை.

பி.எஃப். திருத்தத்துக்குப் பழைய நிறுவனத்தின் உதவி தேவைப்பட்டது. 2017 அக்டோபர் 1-ஆம் தேதி முதல், பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் யு.ஏ.என். எண்ணைப் பெற்று, ஆதாரும் சரிபார்க்கப்பட்டிருப்பவர்கள் தாங்களே இணையத்தில் பெயரைத் திருத்திக்கொள்ளலாம். என் எண் அதற்கு முந்தையது. ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து தரும் உறுதிமொழி வேண்டும், அதை ஜாயின்ட் டிக்ளரேஷன் என்பார்கள். புதிய ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றின் நகல்களோடு நேரில் போனேன். தபாலில் அனுப்பியிருந்தால் யார் மேசையிலாவது கிடந்திருக்கும். கணக்குப் பிரிவில் பழைய தோழி ஒருத்தி இன்னும் இருந்தாள், அன்றே எடுத்துச் செய்தாள். பெயர் மாறியதும் ஆதார் இணைப்பு ஒரே முயற்சியில் முடிந்தது. பணம் கேட்டு விண்ணப்பித்தேன், வந்துசேர்ந்தது.

பட்டம் மட்டும் THAMIZHSELVI ஆகவே இருக்கிறது. அதைத் திருத்த நான் முயலவில்லை. இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் செய்து, பட்டத்தின் பின்னால் வைத்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிய இடத்தில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த ஆண்டு மகள் பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கப் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். அவள் பெயரில் 'ee' வரவேண்டிய இடத்தில் ஒற்றை 'i' இருந்தது. பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் திருத்தி அடிப்பதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.