குவாயரின் நடுவில் ஓர் ஓட்டை

எங்கள் ஆலயத்துக் குவாயரில் 24 பேர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான்கு கீர்த்தனைகளைப் பதிவு செய்து, ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும், உடம்பு முடியாமல் வீட்டோடு இருக்கும் பழைய உறுப்பினர்களுக்கும் அனுப்பலாம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் மிக்ஸர் முன்னால் உட்கார்வது நான். அதனால் வேலை என் தலையில் விழுந்தது. ஆளுக்கொரு மைக் வைத்து வேண்டாததைக் குறைப்பது ஒரு வேலை, இரண்டே மைக்கை வைத்து 24 குரலை அவை நிற்கும் இடத்தோடு பிடிப்பது வேறு வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

சிங்கப்பூரில் சத்தமில்லாத நேரம் என்று ஒன்று கிடைப்பது கஷ்டம். காலையில் குயில் விடாது. மாலையில் மழையும் இடியும். எங்கள் ஆலயம் சாலையோரத்தில் இருப்பதால் பேருந்து வேறு. இரவு ஒன்பதரைக்கு மேல் வைத்துக்கொண்டோம். ஏர்கானை அணைத்தால் இருபது நிமிடத்தில் எல்லாருக்கும் வியர்த்துவிடும். ஆகவே ஒரு பாட்டு, பத்து நிமிடம் ஏர்கான், அடுத்த பாட்டு.

முதல் இரவு இரண்டு ஆம்னி மைக்குகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தினேன். எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் வகை அது. ஆண் குரல்களின் அடி ஒலி அதில் நன்றாக வரும் என்று படித்திருந்தேன், அது உண்மையும்கூட. குவாயர் இரண்டு வரிசையாக, சுமார் ஆறு மீட்டர் அகலத்தில் நின்றது. முன்வரிசையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, ஒன்றுக்கொன்று ஒன்றரை மீட்டர் இடைவெளியில் மைக்குகள். ஏன் ஒன்றரை மீட்டர் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஸ்டாண்டுகளை அப்படி வைத்தபோது பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹெட்போனில் கேட்டபோது பிரமாதமாக இருந்தது. எம்.ஆர்.டி.யில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே கேட்டேன். காலையில் எழுந்ததும் குவாயர் குழுவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஆல்டோ பாடும் ஆன்ட்டி ஒருவர் கூப்பிட்டார்.

"தம்பி, பல்லவியில நீட்டிப் பிடிக்கிற இடத்துல என் குரல் எங்கப்பா போச்சு? குழாய்க்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

அவரிடம் இருப்பது ஒரே ஸ்பீக்கர் உள்ள பழைய போன். இடதும் வலதும் அதில் ஒன்றாகக் கலந்து மோனோவாகத்தான் வரும். என் போனில் மோனோவுக்கு மாற்றிக் கேட்டேன். ஆன்ட்டி சொன்னது அப்படியே சரி.

அன்று மாலை தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். ஆன்ட்டி நின்றது நடுவிலிருந்து வலப்பக்கம் சுமார் 1.2 மீட்டர். அங்கிருந்து வலது மைக்குக்குத் தூரம் 3.03 மீட்டர், இடது மைக்குக்கு 3.58. வித்தியாசம் 55 சென்டிமீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 346 மீட்டர் போகும் என்று வைத்தால், அவர் குரல் இடது மைக்குக்குச் சுமார் 1.6 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. 55 சென்டிமீட்டர் எந்த ஒலிக்கு அரை அலைநீளமோ, அந்த ஒலி ஒரு மைக்கில் மேடாகவும் மற்றதில் பள்ளமாகவும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 315 ஹெர்ட்ஸ். மிடில் சி-க்கு மேலே இருக்கும் இ ஃப்ளாட் என்ற சுரம் 311. அந்தப் பல்லவியில் ஆல்டோக்கள் நீட்டிப் பிடிப்பது அதே சுரம்! கூடத்தின் எதிரொலி கொஞ்சம் நிரப்பியதால் குரல் முழுக்கக் காணாமல் போகவில்லை, உள்ளே வெறுமையாகிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அது வேறு சுரத்தில் நடந்திருக்கும். அவர் கவனிக்கவில்லை, அல்லது சொல்லவில்லை.

ஸ்டீரியோவிலும் ஒரு குறை இருந்தது. பிரமாதம் என்று நான் மயங்கியதால் காதில் விழவில்லை. ஒரு குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒன்றரை மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் வந்தாலே, முந்தி வந்த பக்கத்தில்தான் முழுவதும் கேட்கும். ஆன்ட்டி நின்ற இடத்திலேயே அந்த எல்லை வந்துவிட்டது. அவருக்கு அப்பால் இன்னும் 1.8 மீட்டர் தூரத்துக்கு ஆட்கள் நின்றார்கள். அவர்கள் எல்லாரும் வலது ஸ்பீக்கரில் ஒரே குவியல். இடப்பக்கத்திலும் அதே கதை. நடுவில் வரிசைக்கு நாலைந்து பேர் மட்டும் அங்கும் இங்கும் நழுவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஓட்டை என்று ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இதைப் பாட்டில் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று பிறகு புரிந்தது. இரண்டாம் இரவு, ஒத்திகைக்கு வந்திருந்த ஒரு பையனை இடது கோடியிலிருந்து வலது கோடி வரைக்கும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்ணச் சொன்னேன். அரை மீட்டருக்கு ஓர் எண், தரையில் டேப் ஒட்டிய அடையாளம். பழைய நிலையிலேயே மைக்குகளை வைத்து முதலில் அதைப் பதிவு செய்தேன். ஒன்று முதல் நான்கு வரை பையன் இடது ஸ்பீக்கரிலேயே நின்றான். அப்புறம் ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் அவசரமாக ஓடி, வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்து கார்டியாய்ட் மைக்குகள் இரண்டு. முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் ரொம்பக் குறைவாகவும் வாங்குபவை. தலையோடு தலை ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக, 90 பாகை விரித்து வைத்தேன். எக்ஸ்-ஒய் என்பது இதுதான். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் தாமதம் கிடையாது. குரல் எவ்வளவு சத்தமாக எந்த மைக்கில் விழுகிறது என்பது மட்டுமே இடத்தைச் சொல்லும். மோனோவில் எதுவும் அழியாது. ஆன்ட்டியைப் பாடச் சொல்லி அவர் போனிலேயே போட்டுக் காட்டினேன், குரல் முழுசாக வந்தது.

இங்கே ஒரு அசட்டுத் தவறும் நடந்தது. எக்ஸ்-ஒய்யில் வலப்பக்கம் இருக்கும் மைக் இடப்பக்கத்தைப் பார்க்கும். மைக் இருக்கும் பக்கத்தை வைத்துக் கேபிளைச் செருகிவிட்டேன். இடப்பக்கம் நின்ற சோப்ரானோ எல்லாம் வலது காதில். பையன் பதின்மூன்றிலிருந்து ஒன்றுக்கு நடப்பது போலக் கேட்டதும்தான் பிடிபட்டது.

கேபிளை மாற்றிப் போட்ட பிறகும் திருப்தி இல்லை. பையன் நடந்தான், ஆனால் நடுவை விட்டு அதிகம் நகரவில்லை. மூன்று மீட்டர் தூரத்தில் ஆறு மீட்டர் அகலம் என்றால், கோடியில் நிற்பவர் நடுவிலிருந்து 45 பாகையில் இருக்கிறார். அதாவது ஒரு மைக்கின் நேர்முகத்தில், மற்றதற்கு 90 பாகை பக்கவாட்டில். கார்டியாய்ட் பக்கவாட்டில் பாதிதான் வாங்கும், வித்தியாசம் 6 டெசிபல். ஒரு குரல் முழுக்க ஒரு ஸ்பீக்கருக்குப் போக அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். ஆக 24 பேரும் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே பாதி அகலத்தில் நெருக்கியடித்து நின்றார்கள், நெரிசல் நேரத்து ரயிலில் நிற்பதுபோல.

மைக்கை முன்னே கொண்டுபோனால் கோணம் விரியும். போய்ப் பார்த்தேன். முன்வரிசையில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது, பின்வரிசை ஆண்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். மைக்குகளை 120 பாகைக்கு விரித்தும் பார்த்தேன். அகலம் கூடியது. ஆனால் நடுவில் நிற்பவர்கள் இரண்டு மைக்குக்கும் 60 பாகை ஓரத்தில் விழுந்தார்கள், குரலின் மினுக்கு மங்கியது. எங்களிடம் இருந்தது விலை குறைந்த மைக். ஓரத்திலிருந்து வரும் ஒலியை அது அவ்வளவு நேர்த்தியாக வாங்காது.

குவாயர் மாஸ்டர் அக்கா கொஞ்சம் பொறுமை இழந்திருந்தார். "இன்னும் ஒரு ராத்திரிதான் தருவேன்" என்றார்.

மூன்றாம் இரவுக்கு இரண்டுக்கும் நடுவான வழியை எடுத்தேன். அதே கார்டியாய்ட் மைக்குகள், 17 சென்டிமீட்டர் இடைவெளி, வெளிப்பக்கம் பார்த்தபடி 110 பாகை விரிவு. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த அளவு என்பதால் அந்த நிறுவனத்தின் பெயராலேயே ஓ.ஆர்.டி.எஃப். என்று சொல்கிறார்கள். கொஞ்சம் சத்த வித்தியாசம், கொஞ்சம் தாமதம், இரண்டும் சேர்ந்து இடத்தைச் சொல்லும். இது இரண்டு ஸ்பீக்கரையும் நிரப்ப, குவாயர் சுமார் 95 பாகையில் விரிந்து நிற்க வேண்டும். எங்களுடையது 90. இதற்கென்றே நிற்க வைத்த மாதிரி பொருந்தியது.

பையன் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரைக்கும் ஏறக்குறைய சமமாக நடந்தான். மோனோ கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஆன்ட்டியின் குரலுக்கு முன்பு 55 சென்டிமீட்டராக இருந்த வித்தியாசம் இப்போது 6 சென்டிமீட்டர்தான். ஒன்றையொன்று தின்னும் பள்ளம் 2700 ஹெர்ட்ஸுக்கு மேல் போய்விட்டது. அவர் பாடும் சுரம் எதுவும் அங்கே இல்லை, குரலின் நுனி ஒலிகள்தான் அந்த உயரத்தில் இருக்கும். இரண்டு மைக்கிலும் சத்தம் ஒரே அளவில் இல்லாததால் பள்ளமும் ஆழமில்லை.

மைக்குகளை மூன்று மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, பின்வரிசையைப் பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்தேன். ஆள் உயரத்தில் வைத்தால் முன்வரிசைத் தலைகள் மறைத்துவிடும், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் தூர வித்தியாசமும் பெரிதாக இருக்கும். மேலே போகப் போக அது குறையும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைத்தோம். நடுவில் அக்காவை நிறுத்திப் பேசச் சொல்லி, இரண்டு பக்கமும் மிக்ஸர் காட்டும் சத்த அளவு ஒன்றாக இருக்கும்படி கெயினைச் சரிசெய்தேன். 3 டெசிபல் பிசகினாலே மொத்தக் குவாயரும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

நான்கு பாட்டும் அன்று முடிந்தது, இரண்டாவது பாட்டின் கடைசி அடியில் ஒரு பேருந்து இருக்கிறது.

ஒரே குறை, பேஸ் குரல்கள் மெலிந்துவிட்டன. கார்டியாய்ட் தூரத்தில் நின்றால் அடி ஒலி குறையும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 டெசிபல் ஏற்றிச் சமாளித்தேன், முதல் இரவின் நிறைவு வரவில்லை. அன்றே 50 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆம்னிகளையும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அகலம் சரியாக வந்தது, அடி ஒலியும் வந்தது. கூடவே பின்பக்கக் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பிய ஒலியும் வெளியே போன மோட்டார்சைக்கிளும் வந்தன. மோனோவில் ஓரத்துக் குரல்கள் மறுபடி குழாய்க்குள் போயின. நல்ல மரக்கூடம் ஒன்று கிடைத்து, கேட்பவர்கள் எல்லாரும் ஹெட்போனில்தான் கேட்பார்கள் என்றால் நான் அதைத்தான் வைப்பேன். பேஸ் பாடும் அங்கிளுக்கு அந்தப் பதிவை மட்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.