96-இலிருந்து 128-க்கு: ஒரு டெம்போ மாற்றத்தைச் சொல்லிக்கொடுத்த அனுபவம்

சென்னையில் டிரம்ஸும் ஆர்க்கெஸ்ட்ரா பெர்கஷனும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கிரேடு தேர்வுகளையெல்லாம் முடித்துவிட்டு, அதற்கு மேல் போக வேண்டும் என்று வருபவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவர்கள். நோட்டின் வேகத்தை மாற்றாமல் அடியின் வேகத்தை மட்டும் மாற்றும் மெட்ரிக் மாடுலேஷனை அவர்களுக்கு எடுப்பது எனக்கு மிகவும் பிடித்த பாடம். கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. ஆனால் அவர்களுடைய கை கற்றிருக்கும் ஒரு நல்ல பழக்கம்தான் இங்கே குறுக்கே நிற்கும்.

போன வருஷம் வந்த ஒரு மாணவிக்கு அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டரின் ‘கனேரிஸ்’ வாசிக்க ஆசை. நான்கு டிம்பனிகளுக்காக அவர் எழுதிய எட்டுத் துண்டுகளில் அது ஒன்று. ஆறு துண்டுகளை 1950-இலும் மீதி இரண்டை 1966-இலும் எழுதினார். ஒரு நோட்டின் மதிப்பை வேறு விதமாக எடுத்துக்கொண்டு டெம்போவை மாற்றும் இந்த உத்தியை அவர் அதற்கு முன்பே, 1948-இல் எழுதிய செல்லோ சொனாட்டாவில் விரிவாகக் கையாண்டிருந்தார். மெட்ரிக் மாடுலேஷன் என்ற பெயரை விமர்சகர் ரிச்சர்ட் ஃபிராங்கோ கோல்ட்மன் 1951-இல் வைத்தார். தன் தாள யோசனைகளுக்கு இந்தியத் தாளங்களும் ஒரு தூண்டுதல் என்று கார்ட்டரே எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் அந்தப் பெண், “அப்போ இது நடை மாத்துறதுதானே சார்?” என்றாள்.

இல்லை. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். நிமிஷத்துக்கு 96 அடி என்று தாளம் போடுகிறோம். சதுஸ்ர நடையில் ஒரு அடிக்கு நான்கு, அதாவது நிமிஷத்துக்கு 384 சொற்கள். அங்கிருந்து திஸ்ர நடைக்குப் போனால் ஒரு அடிக்கு மூன்று. கை அதே 96-இல் நிற்கும், சொற்கள் 288-ஆகக் குறையும். மெட்ரிக் மாடுலேஷனில் நடப்பது இதன் தலைகீழ். 384 அசையாது. நான்குக்கு ஒன்று விழுந்த அடி இனி மூன்றுக்கு ஒன்று விழும். 384-ஐ மூன்றால் வகுத்தால் 128. சின்ன நோட்டு ஒன்றுகூட வேகம் மாறவில்லை. ஆனால் டெம்போ 96-இலிருந்து 128-க்குப் போய்விட்டது.

ஸ்கோரில் இதைப் பழைய டாட்டட் குவேவர் இனிப் புதிய க்ராட்செட் என்று எழுதுவார்கள். இங்கே க்ராட்செட் என்பது ஒரு அடி, செமிகுவேவர் என்பது கால் அடி. மூன்று செமிகுவேவர் சேர்ந்தது ஒரு டாட்டட் குவேவர். டெம்போ மாறும் பார் கோட்டைத் தாண்டிய பிறகு அதே செமிகுவேவர்கள் காகிதத்தில், ஒரு அடிக்கு மூன்று விழும் ட்ரிப்லெட் குவேவராக வேஷம் மாறிவிடும். பார்க்கும் கண்ணுக்கு எல்லாமே மாறியதுபோல் தெரிவதால்தான் பலரும் அந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

குச்சியை எடுக்கவிடாமல் முதலில் வாயால் சொல்லவைத்தேன். தகதிமி மூன்று தடவை, பன்னிரண்டு சொல், மூன்று தட்டு. அடுத்து தட்டு அப்படியே இருக்க, அதே வேகத்தில் தகிட நான்கு தடவை. அதுவும் பன்னிரண்டு சொல்தான், ஆனால் இப்போது அழுத்தம் தட்டை விட்டு விலகி விலகி விழும். இந்த இரண்டையும் அவள் யோசிக்காமலே செய்தாள். மிருதங்கக்காரர்களுக்கு இது அன்றாடச் சாப்பாடு. மூன்றாவதாக, தட்டை எடுத்து ஒவ்வொரு தகிடவின் முதல் எழுத்திலும் போடச் சொன்னேன். கை நகரவில்லை. வாய் தகிட என்று சொல்ல, கை பழைய 96-ஐயே பிடித்துக்கொண்டிருந்தது.

“கை நகர்ந்தா தாளம் தப்பிடுச்சுன்னுதானே சார் அர்த்தம்?” என்றாள். அவளுடைய குரு பல வருஷம் சொல்லிச் சொல்லி உருவாக்கிய கை அது. கச்சேரியில் அது நகர்ந்தால் தப்புதான். ஆனால் இங்கே பழைய அடியை மனசுக்குள் வைத்துக்கொண்டே போனால், புதிய டெம்போ டெம்போவாக ஆகவே ஆகாது. கேட்பவருக்கு அது 96-க்கு மேல் ஓடும் ஒரு குறுக்கு அழுத்தமாகத்தான் கேட்கும். பழையதை விடுவதும் இந்தப் பாடத்தில் ஒரு வேலை.

விடுவதற்கு அவளுக்கு ஒரு வழி செய்துகொடுத்தேன். தகதிமி மூன்று தட்டோடு. பிறகு ஒரு சுற்று தகிட தட்டே இல்லாமல், குரல் மட்டும். அதற்கடுத்த சுற்றில் தகிடவுக்குத் தட்டு. நடுவில் கை சும்மா இருக்கும் அந்தப் பன்னிரண்டு சொல்லுக்குள் பழைய அடி கரைந்துவிடும். ஒரு வாரம் கழித்து அந்த நடுச் சுற்று தேவைப்படவில்லை.

பன்னிரண்டு என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 4/4 பாரில் பதினாறு செமிகுவேவர். மூன்று மூன்றாகப் பிரித்தால் ஐந்து கூட்டம் போக ஒன்று மிஞ்சும், அழுத்தம் பார் கோட்டில் வந்து சேராது. 3/4 பார் என்றால் பன்னிரண்டு, சரியாக நான்கு கூட்டம். மாற்றத்துக்கு முந்தைய பாரை 3/4-ஆக எழுதி, அதற்குள்ளேயே மும்மூன்று அழுத்தத்தைத் தொடங்கிவிட்டால் புதிய அடி கோட்டுக்கு முன்பே காதுக்குப் பழகிவிடும். இசையமைக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கோட்டுக்குப் பின் பேஸ் டிரமோ ஹார்மனியின் மாற்றமோ புதிய அடியில் விழவில்லை என்றால், காகிதத்தில் இருக்கும் சமன்பாடு காகிதத்திலேயே நின்றுவிடும்.

பிறகு பிராக்டிஸ் பேடுக்கு வந்தோம். முதல் பரீட்சை, அழுத்தமே இல்லாமல் வாசிப்பது. பன்னிரண்டு செமிகுவேவர், பின்னாலேயே பன்னிரண்டு ட்ரிப்லெட் குவேவர், எல்லாம் ஒரே சத்தத்தில். அடுத்த அறையில் இருப்பவருக்கு எங்கே மாறியது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அங்கே மாடுலேஷன் நடக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும் அக்செலரேண்டோ நடந்திருக்கிறது. வேகமான டெம்போ வரப்போகிறது என்று கண் பார்த்ததும் கை முன்கூட்டியே ஓட ஆரம்பித்துவிடும். கோட்டுக்கு முந்தைய கடைசி நான்கைந்து நோட்டுகளில்தான் அது தெரியும்.

அழுத்தத்தோடு வாசித்தபோது வேறொன்று தெரிந்தது. வலது, இடது என்று மாற்றி மாற்றி வாசிக்கும்போது நான்கு நான்காக அழுத்தினால் அழுத்தம் எப்போதும் வலது கையில். மும்மூன்றாக அழுத்தினால் ஒரு தடவை வலது, ஒரு தடவை இடது. அவளுடைய இடது கை, அழுத்தம் கொடுப்பதற்காகக் குச்சியை உயரத் தூக்க வேண்டியிருந்ததால் ஒரு இம்மி தாமதமாக வந்தது. புதிய டெம்போ இரண்டு இரண்டு அடியாக நொண்டியதற்குக் காரணம் தாளம் புரியாதது அல்ல, குச்சியின் உயரம். அழுத்தமில்லாத நோட்டுகளைத் தாழ்த்தி வாசித்து, அழுத்தத்துக்கு அதிகம் தூக்காமல் இருக்கச் சொன்னதும் நொண்டல் பெரும்பாலும் போய்விட்டது.

காதை மட்டும் நம்பாமல் போனில் பதிவு செய்து அலைவடிவத்தில் அளந்தோம். 96-இல் ஒரு அடி 625 மில்லிசெகண்ட், ஒரு செமிகுவேவர் 156 சொச்சம். பன்னிரண்டு நோட்டு 1.875 செகண்ட். கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே 1.875 வர வேண்டும். அவளுக்கு முன்னால் 1.88, பின்னால் 1.80. அந்த 1.80 செகண்டில் நான்கு அடி என்றால் டெம்போ 133. 128-க்குப் போக வேண்டியவள் ஐந்து அடி கூடவே போயிருக்கிறாள். கேட்கும்போது அது துடிப்பாக, நன்றாகவே இருந்தது. அதனால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

மெட்ரோனோமை எப்படி வைப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். 96-இல் வைத்தால் பாதியில் முட்டும், 128-இல் வைத்தால் தொடக்கத்திலேயே முட்டும். இரண்டுக்கும் பொதுவான அடியில் வைக்க வேண்டும். பழைய மூன்று அடியும் புதிய நான்கு அடியும் ஒரே நீளம் என்பதால் நிமிஷத்துக்கு 32 க்ளிக். பழைய பெட்டி மெட்ரோனோம் 40-க்குக் கீழே போகாது, போன் ஆப்பில் வைக்கலாம். 1.875 செகண்டுக்கு ஒரு க்ளிக் என்பது முதலில் பாலைவனம் மாதிரி இருக்கும். ஆனால் டெம்போ மாறும்போதும் அது மாறாமல் வந்து விழும். நோட்டு ஓடியிருந்தால் அடுத்த க்ளிக்கிலேயே மாட்டிக்கொள்வோம்.

இது பிடிபட்ட பிறகு ஒரு சுற்றுப் பயிற்சி கொடுத்தேன். 96-இல் ஒரு அடிக்கு ஐந்து விழும் க்வின்டுப்லெட், தகதகிட, நிமிஷத்துக்கு 480. அதையே நான்கு நான்காக எடுத்துச் செமிகுவேவராக்கினால் டெம்போ 120. அங்கே மூன்று செமிகுவேவரை ஒரு அடியாக்கினால் 160. அந்த 160-இல் ஐந்து செமிகுவேவரை ஒரு அடியாக்கினால் 128. கடைசியாக 128-இன் ட்ரிப்லெட்டைச் செமிகுவேவராக எடுத்தால் மறுபடி 96. தொடக்கத்தில் மட்டும் 96-ஐக் கேட்டுவிட்டு க்ளிக்கை நிறுத்திவிட வேண்டும். நான்கு மாற்றமும் முடிந்ததும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் முதல் திருப்பத்திலேயே பிழை வரும். தகதகிட என்பதை இரண்டும் மூன்றுமாகப் பிரித்துப் பழகிய கை, முதல் இரண்டைக் கொஞ்சம் இழுத்து மீதி மூன்றை நெருக்கிவிடும். நடைக்குள் இருக்கும்வரை அடுத்த அடி வந்து அதைச் சரிசெய்துவிடும், யாருக்கும் தெரியாது. நான்கு நான்காக எடுக்கும்போது அந்த இழுப்பு ஒவ்வொரு கூட்டத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுவதால் ஐந்து அடியும் ஒரே நீளத்தில் வராது. அவள் 120-ஐத் தேடி அலைந்தது இதனால்தான். ஐந்து சொல்லையும் தனித்தனியாக, த த த த த என்று ஒரே எழுத்தில் சொல்லவைத்துச் சமப்படுத்தினோம்.

பழைய ஸ்கோர்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கார்ட்டருக்குப் பிறகான வழக்கத்தில் சமக்குறி பார் கோட்டுக்கு மேல் நிற்கும், இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. சில பழைய பதிப்புகளில் புதியது இடப்பக்கம் இருக்கும். நம் உதாரணத்தைத் தலைகீழாகப் படித்தால் 128-க்குப் பதில் 72 வந்து நிற்கும். மெட்ரோனோம் எண் போட்டிருந்தால் வகுத்துப் பார்த்துவிடலாம். இல்லையென்றால், கோட்டுக்கு இருபுறமும் எந்த நோட்டு இடைவிடாமல் ஓடுகிறது என்று தேட வேண்டும், அதுதான் பொது நோட்டு.

இப்போது அவள் ‘கனேரிஸ்’ தொடங்கியிருக்கிறாள். அதில் ஒரு இடத்தில் ஒரு கை மாறாத வேகத்திலேயே போக, மற்றொரு கை மாடுலேஷன் மேல் மாடுலேஷனாகப் படிப்படியாக வேகம் ஏறும். பழைய அடியை விடு என்று இத்தனை நாள் சொன்ன நான், அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கையில் அதை வைத்துக்கொள் என்றேன். தாளம் போட்டு வளர்ந்த கைக்கு அது எளிதாகவே வந்தது. வேகம் ஏறும் கையைத்தான் இப்போது தனியாக, 32 க்ளிக் மாதிரி ஒரு பொது அடியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு படியாகப் பழகிக்கொண்டிருக்கிறோம்.