கல்யாண வீடியோவுக்குப் பின்னணிக் குரல்

பிப்ரவரி 3
அக்கா மகள் கல்யாண ஹைலைட்ஸ் வீடியோவுக்கு நான்தான் பேச வேண்டுமாம். "சித்தி குரல்னா வீட்டுல பேசுற மாதிரி இருக்கும்" என்கிறாள். எடிட்டர் தம்பி நான்கு நிமிடப் படத்தோடு மாதிரி வரிகளும் அனுப்பியிருக்கிறார். "இரு மனங்கள் இணையும் இனிய நன்னாள்…" பெயரை மாற்றினால் எந்த ஊர்க் கல்யாணத்துக்கும் ஒட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5
நிதானமாகப் படித்தால் எனக்கு நிமிடத்துக்கு 80 சொல்தான் வருகிறது. நான்கு நிமிடமும் பேசினால் ரேடியோ வர்ணனை ஆகிவிடும். 90 சொல்லுக்குள் முடிக்கப் போகிறேன். மீதி நேரம் படமும் இசையும் பார்த்துக்கொள்ளட்டும்.

மெட்டி போடுவது கண்ணுக்குத் தெரிகிறது, அதை நான் வேறு சொல்வானேன்? தெரியாததைத்தான் சொல்ல வேண்டும். அம்மி மிதிக்கும் இடத்தில் இப்படி எழுதினேன்: "இது மண்டபத்து அம்மி இல்லை. பாட்டி வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்தது. இவள் அம்மாவும் இதன் மேல்தான் கால் வைத்தாள்." அருந்ததி பார்க்கும்போது அவள் சிரித்துவிட்டாள். அங்கே ஒரே வரி: "மணி காலை எட்டரை. மாப்பிள்ளைக்கு மட்டும் நட்சத்திரம் தெரிகிறது."

பிப்ரவரி 6
புடவை பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பதிவு செய்தேன். துணி எதிரொலியை வாங்கிக்கொள்கிறது. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. போனை வாய்க்கு நேராக வைத்தால் 'பாட்டி' என்னும்போது மூச்சு மைக்கில் 'புப்' என்று மோதுகிறது. ஒரு சாண் தள்ளி, கன்னத்துப் பக்கமாக வைத்ததும் சரியானது. கடைசியில் பேசாமல் பத்து விநாடி அறையின் அமைதியையும் பதிந்தேன். வரிகளுக்கு இடையே அதை வைத்து நிரப்பினால் ஒலி அறுந்து அறுந்து கேட்காது.

பிப்ரவரி 8
தாலி கட்டும் இடத்தில்தான் இழுபறி. "மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுகிறாள், அவள் கைதான் நடுங்குகிறது" என்ற வரி கெட்டிமேளத்துக்கு நடுவே விழுந்தது. தம்பி மேளத்தை எவ்வளவு குறைத்தும் பேச்சு தெளியவில்லை. சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகள் இருக்கும் இடத்திலேயே நாதஸ்வரமும் ஓங்கி நிற்கிறது. அதைத் தணித்துக்கொண்டே போனால் கெட்டிமேளம் பக்கத்துத் தெரு விசேஷம் மாதிரி ஆகிவிடும். வரியைத் தூக்கி, மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும் இடத்துக்கு நகர்த்தினோம். "மூன்றாவது முடிச்சு நாத்தனாருக்கு. இப்போதே கை நடுங்குகிறது" என்று திருத்தி மறுபடி பேசினேன். கெட்டிமேளம் முழுசாக ஒலிக்கிறது. மற்ற இடங்களில் வீணை இசையை 12 டெசிபல் இறக்கினார், போதும். ஹெட்போனில் நன்றாக இருந்தாலும் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேட்டோம். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில்தானே பார்ப்பார்கள்.

பிப்ரவரி 9
அக்கா பார்த்துவிட்டு, "பெரிய மாமா பேரே வரலையேடி" என்றாள். அவரைச் சொன்னால் இன்னும் பதினைந்து பேரைச் சொல்ல வேண்டும். பெயர்களை எல்லாம் கடைசியில் எழுத்தில் ஓடவிடச் சொல்லிவிட்டேன். யார் பெயர் முதலில் என்பதை அக்காவே முடிவு செய்யட்டும்.