கழுந்து காட்டிக்கொடுக்கும் ஈரம்

கட்டடத்தை ஒப்படைத்து ஒரு வருடத்துக்குள் கதவு பற்றிப் புகார் வந்தால், நான் முதலில் கீலையோ தாழ்ப்பாளையோ பார்ப்பதில்லை. கதவைத் திறந்து அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். குறுக்குச் சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி செதுக்கிய கழுந்து நெடுஞ்சட்டத்தை ஊடுருவி வெளியே வரும் இடம் விரலில் தட்டினால் காரணம் பெரும்பாலும் புரிந்துவிடும். இழைப்புளி போட்டுச் சமமாக்கிய இடம் அது. எந்தத் தச்சரும் அங்கே மேடு விட்டுப் போகமாட்டார். கழுந்தும் பிறகு வளர்ந்திருக்காது. அதைச் சுற்றியுள்ள சட்டம்தான் ஒடுங்கியிருக்கிறது. ஈர மரத்தில் செய்த கதவு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்களின் உள்ளறையில் தேங்கி நிற்பது ஒன்று, செல்சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது இன்னொன்று. வெட்டிய மரம் காயும்போது முதலில் போவது தேங்கிய தண்ணீர். அது போகும்வரை எடை குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கமும் அங்கேதான் ஆரம்பிக்கும். 'அறுத்து வந்து இத்தனை நாளாச்சு, பலகை அப்படியேதானே இருக்கு' என்று நம்பி வேலையைத் தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். எடை நிறையவே குறைந்திருக்கும். சுருங்க வேண்டியது முழுவதும் பாக்கி இருக்கும்.

அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் தொல்லையே இல்லை. கதவு கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். ஆனால் நீளவாக்கில் மரம் சுருங்குவது ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. கணக்கில் எடுக்கவே வேண்டாம். குறுக்கே, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், பச்சை மரம் முற்றிலும் காய்வதற்குள் பல இனங்களில் 5 முதல் 10 சதவீதம்வரை சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதி. கதவு என்பது நெடுக்கு மரத்தையும் குறுக்கு மரத்தையும் ஒன்றோடொன்று பூட்டிச் செய்யும் பொருள். ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. அந்தச் சண்டை நடப்பது இணைப்பில்.

ஒரு தொகுதிக் கதவுகளுக்கு வந்த மரத்தை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மரம் வந்து இறங்கியதும் தச்சர் சொன்னது, "நல்லா காய்ஞ்ச மரம் சார், தட்டிப் பாருங்க, சத்தம் எப்படி வருது." சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஊசி பதிக்கும் ஈரமானியை மேலாக வைத்தபோது 14 காட்டியது. உறை போட்ட நீள ஊசியைப் பலகையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அடித்து இறக்கியபோது 23. மேற்பரப்பு காற்றுக்கு உலர்ந்துவிட்டது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. ஈரமானி மின்தடையை வைத்துச் சொல்வது. மர இனத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்பத் திருத்த வேண்டும், பூச்சி மருந்து உப்பு ஏற்றிய மரமாக இருந்தால் ஏமாற்றியே விடும். அதனால் துண்டு வெட்டி எடை போட்டோம்.

இதற்குப் பலகையின் முனையில் வெட்டக்கூடாது. முனை வழியாக ஈரம் மிக வேகமாகப் போய்விடும் என்பதால், முனையிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, முழு அகலத்துக்கும் ஒரு விரற்கடை தடிமனில் ஒரு சீவல் எடுத்தோம். வெட்டிய உடனே எடை 236 கிராம். 103 டிகிரி அடுப்பில் வைத்து, இனி எடை குறையவில்லை என்று ஆகும்வரை திரும்பத் திரும்ப நிறுத்தோம். 190 கிராமில் நின்றது. போன தண்ணீர் 46 கிராம். அதைக் காய்ந்த எடையான 190-ஆல் வகுத்தால் 24 சதவீதம். ஈர எடையால் வகுக்கக்கூடாது. காய்ந்த எடையால் வகுப்பதால்தான் பச்சை மரத்துக்குச் சிலசமயம் 100 சதவீதத்துக்கு மேலேயும் ஈரம் வரும். முதன்முறை பார்க்கிறவர் தப்புக் கணக்கு என்று நினைத்துவிடுவார்.

சரி, 24 இருந்தால் என்ன? காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் அறையில் மரம் கடைசியில் போய் நிற்பது ஏறக்குறைய 12 சதவீதத்தில். காற்று 80 சதவீதம் என்றால் 16 பக்கம், 30 சதவீதம் என்றால் 6 பக்கம். மரத்தைப் பதப்படுத்துவது என்றால் முடிந்தவரை காய வைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். எந்த இடத்தில் நிற்கப்போகிறதோ அந்த இடத்தின் ஈரத்துக்கு, இணைப்பு வெட்டும் முன்பே கொண்டுவருவதுதான் அது. எங்கள் கதவுகள் நிற்க வேண்டியது 12-இல். ஆக, சட்டத்தில் அடைத்த பிறகு இன்னும் 12 சதவீதப் புள்ளி இறங்கும்.

அந்த இனத்தின் முழுச் சுருக்கம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 புள்ளிக்கு 6 என்றால் 12 புள்ளிக்கு 2.4. கதவின் நடுப் பலகை 400 மி.மீ. அகலம், அது கிட்டத்தட்ட 10 மி.மீ. ஒடுங்கும். இருபுறமும் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் 9 மி.மீ. நுழைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக 5 மி.மீ. பின்வாங்கினால் வண்ணம் அடிக்காத வெறும் மரம் ஒரு கோடாகத் தெரியும். அசிங்கம், ஆனால் கதவு கதவாகவே இருக்கும். ஒரு பக்கம் வண்ணமோ பசையோ காடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டால் முழு 10 மி.மீ.யும் எதிர்ப்பக்கத்தில் போகும், பலகை காடியை விட்டு வெளியே வந்துவிடும். உள்ளே விளக்கைப் போட்டால் வெளியே ஒளிக்கீற்று தெரியும். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் பலகை நடுவே வெடிக்கும். நெடுஞ்சட்டம் 100 மி.மீ. என்பதால் 2.4 மி.மீ. ஒடுங்கும், விரலில் தட்டும் கழுந்து அதுதான். அடிப்பக்கக் குறுக்குச் சட்டம் 200 மி.மீ. அகலம், அதன் கழுந்து 5 மி.மீ. ஒடுங்கப் பார்க்கும், அது நுழைந்திருக்கும் துளையோ நெடுஞ்சட்டத்தின் நீளவாக்கில் இருப்பதால் இம்மிகூட மாறாது. கழுந்து ஆடும், அல்லது பசை பிடிப்பு விடாமல் சட்டம் பிளக்கும். தச்சரின் கைத்திறன் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. அவர் எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தினாரோ அவ்வளவு சத்தமாக வெடிக்கும்.

அந்த மரத்தைத் திருப்பி அடுக்கினோம். தரையிலிருந்து முழங்கால் உயரத் தாங்கிகள், மேலே கூரை, பக்கவாட்டில் காற்று. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே 25 மி.மீ. கனத்தில் காய்ந்த குச்சிகள், 60 செ.மீ.க்கு ஒன்று. குச்சிகள் ஒன்றுக்கு நேர் மேல் ஒன்றாக நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் மேலே உள்ள எடை பலகையை வளைத்து, அந்த வளைவிலேயே காய வைத்துவிடும், அதன்பின் நிமிராது. முனைகளுக்கு மெழுகு அல்லது தார் வண்ணம் பூசினோம், இல்லையென்றால் முனை முந்திக் காய்ந்து பிளக்கும். மெல்லிய பலகைக்குச் சில மாதம் போதும். நிலைக்கு வேண்டிய கனச் சட்டங்களுக்குக் காத்திருப்பு மிக நீளம், ஏனென்றால் தடிமன் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பையும் தாண்டிப் போகும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போகிறது.

சூளையில் வைத்தால் மாதங்கள் நாட்களாகவும் வாரங்களாகவும் குறையும். ஆனால் அவசரமாகச் சூடேற்றிய மரத்தில் மேல்தோல் இறுகி, உள்ளே இழுவிசை நின்றுவிடும். ஈரமானி சரியான எண்ணையே காட்டும். ரம்பம் போட்டு இரண்டாகக் கிழிக்கும்போது துண்டுகள் ஒன்றையொன்று நோக்கி வளைந்து ரம்பத்தைக் கவ்வும்போதுதான் தெரியும். குறுக்கே ஒரு சீவல் வெட்டி, நடுவை எடுத்து, முள்கரண்டி மாதிரி இரண்டு கிளை விட்டுப் பார்த்தால் முன்பே தெரிந்துவிடும். கிளைகள் உள்பக்கம் மடங்கினால் அந்த மரம் மீண்டும் நீராவிக்குப் போக வேண்டும்.

சன்னல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதவின் கணக்கேதான், சட்டம் மெலிது என்பதால் முறுக்கல் முன்னால் வந்து நிற்கும். ஒரு மூலை மூடினால் எதிர்மூலை திறந்து நிற்கும் சன்னலைச் செதுக்கிச் சரி செய்ய முடியாது.

கூரை வேறு விஷயம். அங்கே இடைவெளி தெரிவது பிரச்சினை இல்லை, பாரம்தான் பிரச்சினை. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகமான ட்ரஸ்ஸின் அடிச் சட்டத்தில் இரும்புத் தகடு வைத்து, குறுக்குவாக்கில் 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு போல்ட் போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். மரம் அந்த இடைவெளியில் 2.4 மி.மீ. சுருங்க வேண்டும், தகடு விடாது. துளையில் இருக்கும் ஒன்றிரண்டு மி.மீ. தளர்ச்சி தீர்ந்ததும் போல்ட் வரிசை வழியாகவே சட்டம் நீளவாக்கில் பிளக்கும். பாரத்தைக் கைமாற்ற வேண்டிய இடமே அதுதான். ஆணி அடித்த இணைப்பிலும் ஈரத்தில் இறுகியிருந்த பிடி காய்ந்ததும் தளரும். போதாததற்கு, ஈர மரம் காய்ந்த மரத்தைவிட வலுவும் விறைப்பும் குறைந்தது. பாரத்தைச் சுமந்தபடியே காயும் சட்டம் தொய்ந்து, தொய்ந்த நிலையிலேயே நிற்கும். ஓடு ஏற்றியபின் கூரை முகடு அலையடித்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

கனமான சட்டங்களை 12-க்குக் கொண்டுவருவது நடைமுறையில் அரிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 20-க்குக் கீழ் வந்துவிட்டால் மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு வழியில்லை, அதனால் அந்த எல்லையைப் பிடிவாதமாகக் கேட்பேன். மீதிச் சுருக்கத்துக்கு இணைப்பிலேயே இடம் விட வேண்டும்: தகட்டில் போல்ட்டுகளை நீளவாக்கில் ஒரே வரிசையாக வைப்பது, மரை எட்டும்படி விட்டு வைத்து ஒரு பருவம் கழித்து மீண்டும் முடுக்குவது. பூச்சிக்கு இதெல்லாம் பொருட்டில்லை. மரத்தின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியைப் பொடியாக்கும் வண்டு நன்றாகக் காய்ந்த மரத்தையே விரும்பித் தின்னும். அதற்கு வைரம் பாய்ந்த பகுதியைத் தேர்வதும் மருந்தும்தான் வழி.

பக்குவமாக வந்த மரத்தைக் கட்டுமான இடத்திலேயே கெடுப்பதும் நடக்கிறது. சுவர்ப் பூச்சு ஈரமாக இருக்கும்போது கதவைக் கொண்டுவந்து மாட்டினால், அது அறையின் ஈரத்தைக் குடித்து உப்பி நிலையில் உரசும். உடனே ஒருவர் இழைப்புளி எடுத்து விளிம்பைச் சீவுவார். சுவர் காய்ந்ததும் கதவும் பழைய அளவுக்குத் திரும்பும், சீவியது திரும்பாது. அதனால் பூச்சு உலர்ந்த பின்பே கதவை உள்ளே விடச் சொல்கிறேன். மாட்டும் முன் அதன் தலைவிளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் வண்ணம் பூசியாயிற்றா என்று கவிழ்த்துப் பார்க்கிறேன், மாட்டிய பிறகு அடிவிளிம்பை யாரும் பார்க்கப்போவதில்லை.